உட்கார்ந்த இடத்தில் சேலை ஃபால்ஸ்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, எனக்கும் உங்கள மாதிரி சக்கர நாற்காலிதான். வீட்டுல இருந்தே என்ன செய்யலாம்?" கை நல்லா இருந்தா சேலைக்கு ஃபால்ஸ் அடிங்க. கால் மிதிக்கிற மெஷினே வேண்டாம், ஊசி நூல் போதும். சேலை நம்ம வாசலுக்கே வந்துடும்.

ஃபால்ஸ் துணியை முதல் நாள் ராத்திரியே தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, அயர்ன் பண்ணிடணும். இதைத்தான் பலர் விடுவாங்க. சேலையில தைச்ச பிறகு துணி சுருங்கினா பார்டர் அலை அலையா நிக்கும், பிரிச்சுத் தைக்கத்தான் வேணும்.

முந்தானை இல்லாத முனையில நாலைஞ்சு அங்குலம் விட்டு, உள்பக்கம் கீழ் ஓரத்தோட ஒட்டித் தொடங்குங்க. துணியை இழுக்காம குண்டூசி குத்தி வச்சுக்கணும். மேல் ஓரம் தைக்கும்போது சேலையில ஒன்னு ரெண்டு இழைதான் ஊசியில ஏறணும், வெளியே புள்ளி தெரியக்கூடாது. கீழ் ஓரத்தை மெஷின்ல அடிக்கிறவங்களும் உண்டு, ஆனா பட்டுன்னா ரெண்டு ஓரமும் கையாலதான்.

என் முதல் பட்டு, வாடிக்கையாளர் கொடுத்தது, மடியிலிருந்து வழுக்கி நாற்காலி சக்கரத்துல மாட்டி கிரீஸ் ஆயிடுச்சு. அன்னிக்கு வயித்துல புளி கரைச்சது. இப்போ மடியில பழைய பெட்ஷீட் விரிச்சு, மிச்சச் சேலையை மேசை மேல மடிச்சு வச்சுதான் ஊசியை எடுப்பேன்.

தீபாவளிக்கு முன்னாடி குவியும், பிறகு வத்தும். அதனால மத்த மாசத்துக்கு ரவிக்கை ஹூக், தளர்ந்த ஓரம்னு சின்ன வேலையும் வாங்கிக்கிறேன்.