அப்பாவின் நீர் மாத்திரைக்கு நேரம் குறித்த கதை

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். கால் வீங்காமலும் மூச்சு வாங்காமலும் இருக்க உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் டார்செமைடு என்ற நீர் மாத்திரையை, 20 மில்லிகிராம், எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டில் 1-0-0, அதாவது காலையில் ஒன்று. எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, டிபன் முடித்து ஒன்பதரை, பத்து மணிவாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

வங்கியும் ரேஷன் கடையும் திறந்திருக்கும் நேரத்தில் அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. "வழியில எங்கம்மா போறது?" என்பார். கொஞ்ச நாளில், வெளியே போக வேண்டிய நாளில் மாத்திரையையே விட்டுவிட ஆரம்பித்தார். இரண்டு நாள் விட்டாலே சாயங்காலம் செருப்பு வார் காலில் பதிந்து தடம் தெரியும்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இதைச் சொன்னோம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் வர ஆரம்பிக்கும், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெல்லக் குறைந்து ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யும் என்றார். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறுமாம். அதனால் சில நாள் பாத்ரூம் போகும் நேரத்தைக் குறித்துவரச் சொன்னார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்தோம். அப்பாவுக்கு அவசரம் முழுவதும் முதல் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. பிறகு வழக்கமான இடைவெளிதான்.

டாக்டரின் சம்மதத்தோடு நீர் மாத்திரையை மட்டும் தனியாகப் பிரித்துக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்தோம். எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, உடம்பில் நீர் தேங்குகிறதா என்று தெரிய காபிக்கு முன் எடை பார்ப்பார், பிறகு மாத்திரை. ஒன்பதரைக்கெல்லாம் வெளியே கிளம்பத் தயார். வேகமாக நீர் போகும் அந்த நேரத்தில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால், கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவார்.

விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டிய நாள்தான் சிக்கல். மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு கல்யாணம், காலை ஏழரை மணி முகூர்த்தம். ஆறு மணிக்குப் போட்டால் உச்சம் பஸ்ஸிலேயே வந்துவிடும். நாலு மணிக்கு எழுப்பிப் போடலாமா என்றுகூட யோசித்தேன். தூக்கம் கெடும், பாதி வழியில் எப்படியும் இறங்க வேண்டியிருக்கும். போன் செய்து கேட்டதில், "அன்னிக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் போடுங்க, ஆனா விடாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல வேண்டாம்" என்றார் டாக்டர். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து போட்டார். மூன்றரைக்குள் ஓட்டம் அடங்கியது, இரவுத் தூக்கத்துக்குப் பாதிப்பில்லை. மறுநாள் எடை மட்டும் 64 கிலோவிலிருந்து 64.8 ஆகியிருந்தது. அப்பளமும் ஊறுகாயும் அவ்வளவு சாப்பிட்டவருக்கு வேறென்ன ஆகும்? மறுநாள் வழக்கம்போல ஆறு மணிக்கு ஒரே மாத்திரை. முந்தைய நாளுக்கு ஈடு என்று கூடுதலாக எதுவும் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் பழைய எடைக்கு வந்துவிட்டார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்திருக்கும் கணக்கு.

பயணத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது அப்பாவின் இன்னொரு உத்தி. மாத்திரையும் போட்டு, வெயிலில் தண்ணீரும் குடிக்காவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். ஒரு நாளைக்கு டாக்டர் சொன்ன அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்கிறோம்.

காலையில் போட்டும் இரவில் மூன்று தடவை எழுந்துகொண்டிருந்தார். நான் மாத்திரையைத்தான் சந்தேகப்பட்டேன். பகல் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக வருகிறது என்று டாக்டர் விளக்கினார். இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுக்கிறார். அந்த நீர் சாயங்காலத்துக்குள்ளேயே போய்விடுகிறது. ராத்திரிப் பாலையும் ஏழு மணிக்கு மாற்றிவிட்டோம். இப்போது பெரும்பாலும் ஒரே தடவைதான் எழுகிறார்.

ஆனால் படுத்தால் மூச்சு முட்டி எழுந்தாலோ, திடீரென்று கூடுதல் தலையணை தேவைப்பட்டாலோ அதற்கு மாத்திரை நேரத்தை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சென்ற கோடையில் அப்படி ஒரு முறை ஆனபோது, கொஞ்ச காலத்துக்கு இரண்டாவது மாத்திரை சேர்த்தார்கள். அந்த முறை சீட்டிலேயே நேரம் எழுதி வாங்கிக்கொண்டேன்: காலை 6, மதியம் 2.