ஒன்பதாவது செமஸ்டர்

மார்ச் 2, 2025, ஞாயிறு

பாடத்தை மாற்றப் போகிறேன் என்று இன்று வீட்டில் சொன்னேன். கணினி அறிவியலை விட்டு நிலவியல் துறைக்குப் போய், நிலத்தடி நீரியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்புகிறேன் என்று முடிப்பதற்குள் அப்பா கேட்டுவிட்டார்: "ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்ததும் ஓடுகிறாயா?" அம்மா, "எடுத்ததை முதலில் முடி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றாள். நான் குரலை உயர்த்தினேன். அப்பா தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பேசித் தீராது. அப்பா எதையும் இரண்டு முறை படிப்பவர், படித்ததற்கு மட்டுமே பதில் சொல்பவர். எழுதி அனுப்புகிறேன். மாற்றப் படிவம் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 14.

மார்ச் 4, செவ்வாய்

நேற்றிரவு ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதினேன். முழுக்க முழுக்க அக்டோபரில் போன களப்பணியைப் பற்றியே. ஒரு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இடைவிடாமல் நீரை இறைப்பார்கள். சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு குழாயில் நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று நாங்கள் அளக்க வேண்டும். அளவு குறித்த நாடாவைக் குழாய்க்குள் இறக்கினால், அதன் முனை நீரைத் தொட்டதும் மேலே சுருளில் ஒலி எழும். முதலில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை, போகப் போக இன்னும் தாமதமாக அளந்தோம். மட்டம் தொடக்கத்தில் சரசரவென்று இறங்கும், பிறகு தயங்கித் தயங்கி இறங்கும். அந்த இறக்கத்தை நேரத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்தபோது, தாளில் புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் வந்து நின்றன. அந்தக் கோட்டின் சரிவிலிருந்தே, கண்ணுக்குத் தெரியாத பாறை அடுக்கு எவ்வளவு எளிதாக நீரைக் கடத்துகிறது என்று கணக்கிடலாம். அன்று மாலை திரும்பும்போது பஸ்ஸில் நான் யாருடனும் பேசவில்லை.

காலையில் அந்த நான்கு பக்கங்களை அப்பாவின் கண்ணால் படித்துப் பார்த்தேன். அவர் கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை. எத்தனை நாள் கூடும், பணம் எவ்வளவு கூடும், கடன் என்னவாகும் என்று அவர் அடுத்துக் கேட்கப்போவதற்கும் பதில் இல்லை. எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நிலவியல் துறை ஆலோசகரைப் பார்த்தேன். என் மதிப்பெண் பட்டியலை மேசையில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பாடமாகக் குறித்தார். பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். இந்தச் செமஸ்டர் முடிந்தால் என்னிடம் 60 இருக்கும். அதில் புதிய பட்டத்துக்குச் செல்லுபடியாவது 46. கணிதம், புள்ளியியல், இயற்பியல், வேதியியல், முதல் இரண்டு நிரலாக்கப் பாடங்கள், ஏற்கெனவே எடுத்த இரண்டு நிலவியல் பாடங்கள் எல்லாம் தப்பித்தன. அல்காரிதம், கணினிக் கட்டமைப்பு போன்றவற்றில் 14 கிரெடிட் அடிபட்டது. அவை பட்டியலிலிருந்து அழிவதில்லை. விருப்பப் பாடங்களுக்கான இடங்கள் நிரம்பிவிட்டதால் பட்டத்துக்குள் எண்ணப்படாது, அவ்வளவுதான்.

மீதம் 74. கோடையில் ஆறு வாரக் களப்பயிற்சி முகாமுக்கு 6 கிரெடிட் போனால் 68. நான்கு செமஸ்டருக்கு 17 வீதம் எடுத்தால் நேரத்திலேயே முடித்துவிடலாம் என்று எனக்கு மனம் துள்ளியது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கனிமவியல் இலையுதிர் பருவத்தில் மட்டும் நடக்கும். அதில் தேறினால்தான் வசந்தத்தில் பாறையியல். அதிலும் தேறினால்தான் கோடை முகாம். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஆய்வகப் பாடங்களோடு 17 கிரெடிட் எடுத்துத் தடுமாறியவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். "ஒன்பது செமஸ்டர் என்று வீட்டில் சொல்லுங்கள். எட்டில் முடிந்தால் அது லாபம்" என்றார்.

எட்டு என்று எழுதத்தான் கை துடிக்கிறது. எட்டு என்றால் அப்பா பாதி சம்மதித்துவிடுவார்.

மார்ச் 6, வியாழன்

காலையில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். அதே கல்லூரி, அதே இளங்கலை நிலை என்பதால் பாடம் மாறுவதில் சிக்கல் இல்லை. படிப்பு முடியும் தேதி மாறுவதுதான் சிக்கல். இப்போதைய ஆவணத்தில் உள்ள தேதி காலாவதியாவதற்கு முன்பே நீட்டிப்பு கேட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கதை வேறாகிவிடும். இடையில் எந்தச் செமஸ்டரிலும் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கடினமாக இருக்கிறதே என்று ஒரு பாடத்தை நடுவில் விட்டால் படிப்பு மட்டுமல்ல, விசாவும் ஆட்டம் காணும். இவை இங்குள்ள விதிகள். வேறு நாட்டில் படிப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

பிறகு கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு வருடமாக என் கோப்பில் கிடந்தும் நான் முழுதாகப் படித்ததில்லை என்பது வெட்கமாக இருந்தது. பாடத்தின் பெயர் அதில் அச்சிட்டிருக்கிறது. மாற்றினால் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், இல்லையேல் அடுத்த தவணை நிறுத்தப்படலாம். தொகை எட்டு செமஸ்டருக்கு மட்டும். ஒன்பதாவதுக்கான கட்டணம் அதில் இல்லை. திருப்பிச் செலுத்தத் தொடங்கும் தேதி தள்ளிப்போகும், ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே அப்பாவின் கையெழுத்து. அவர் இணைக் கடனாளி. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து போனதை நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

மதிப்பெண் குறைந்ததால் ஓடவில்லை என்று நிரூபிக்கப் பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். அல்காரிதம் பாடத்தில் 'சி' வந்தது டிசம்பரில். துறை மாறுவது பற்றி நீரியல் பேராசிரியருக்கு நான் எழுதியது அக்டோபர் 21. கண்டுபிடித்ததும் வென்றுவிட்டதாகவே நினைத்தேன். பிறகு அல்காரிதம் இடைத்தேர்வின் தேதியைப் பார்த்தேன். அக்டோபர் 9. அதிலேயே மோசமாகச் செய்திருந்தேன். பேராசிரியருக்கு எழுதியபோது அது எனக்குத் தெரியும்.

ஆகவே அப்பா கேட்டது அநியாயமான கேள்வி அல்ல. என் ஆசையும் பயமும் ஒரே மாதத்தில் வந்தவை. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரித்துவிட்டதுபோல எழுதவும் போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அவர்களுக்குக் காலை விடியும் நேரமாகப் பார்த்து அனுப்பினேன். அனுப்பியது இதுதான்:

"அன்புள்ள அப்பா, அம்மா,

போன வாரம் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். நிலவியல் துறைக்கு மாற விரும்புகிறேன். உங்களுக்கு இதில் உடன்பாடில்லை என்று தெரியும். உங்களுக்கு என்ன பாதகம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படிப்பு எட்டுக்குப் பதில் ஒன்பது செமஸ்டர் ஆகும். எட்டில் முடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஒரு பாடத்தில் தவறினாலும் அது உடையும். அதனால் எட்டு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இதுவரை படித்த 60 கிரெடிட்டில் 14 வீணாகிறது. ஒன்பதாவது செமஸ்டருக்குக் கடன் தொகையில் இடமில்லை. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து அந்தக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கை நான் சேர்த்துவிட முடியும். மீதிக்கு உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும். வங்கிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், அப்பாவின் கையெழுத்தும் தேவைப்படலாம். ஆலோசகர் குறித்துக் கொடுத்த தாளை இணைத்திருக்கிறேன்.

அப்பா, ஓடுகிறாயா என்று கேட்டீர்கள். அல்காரிதம் பாடத்தில் 'சி' வாங்கினேன். அந்தப் பயம் இந்த முடிவில் கலந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே செமஸ்டரில் நீரியல் பாடத்துக்காக யாரும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். நீர் இறைத்து மட்டம் அளக்கும் சோதனையை மட்டும் மூன்று முறை திரும்பக் கணக்கிட்டேன். கணினிப் பாடம் எதற்கும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

கற்ற நிரலாக்கம் போய்விடாது. நிலத்தடியில் நீர் எப்படி நகர்கிறது என்பதைக் கணினி மாதிரிகளை வைத்துத்தான் கணிக்கிறார்கள். அதிகம் பயன்படும் மாட்ஃப்ளோ என்ற நிரலை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை எழுதி இலவசமாகத் தருகிறது. நிரல் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. கணினித் துறையில் கிடைக்கும் அளவுக்குச் சம்பளம் கிடைக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

படிவத்துக்கு மார்ச் 14 கடைசி நாள். இந்த வருடம் விட்டால் கனிமவியலுக்கு அடுத்த இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் கொடுக்க மாட்டேன். கொடுப்பதற்கு முன் உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன்."

களப்பணி பற்றிய நான்கு பக்கங்களில் இரண்டு வாக்கியம்தான் மிஞ்சின.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவின் பதில். வாழ்த்தும் இல்லை, வசையும் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும்.

கனிமவியலில் தவறினால்? ஒரு வருடம் போகும், மொத்தம் பத்து அல்லது பதினொன்று ஆகலாம், விசா நீட்டிப்பும் கடினமாகும் என்று எழுதினேன். அதனால்தான் முதல் செமஸ்டரில் 17 எடுக்காமல் 15 எடுக்கிறேன்.

ஒரு செமஸ்டர் படித்துவிட்டு இதுவும் வேண்டாம் என்றால் திரும்ப முடியுமா? முடியும். இழந்த 14 திரும்பக் கணக்கில் வரும், அந்தச் செமஸ்டரில் எடுத்த நிலவியல் பாடங்கள் அதேபோல் வெளியே போகும். ஆக, திரும்பி வந்தாலும் அரை வருடம் நஷ்டம்.

மூன்றாவது கேள்விக்குத்தான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். "மூன்று முறை கணக்கிட்டாயே, மூன்றும் ஒன்றாக வந்ததா?" இல்லை. முதல் இரண்டில், தொடக்க நிமிடங்களின் அளவுகளையும் சேர்த்துக் கோடு வரைந்திருந்தேன். அவை நேர்கோட்டில் விழாது. குறிப்பிட்ட நேரம் கடந்த பிறகுதான் அந்தச் சூத்திரம் பொருந்தும். மூன்றாவது முறைதான் அது புரிந்தது. நாடாவைக் குழாய்க்குள் இறக்கி அளந்ததையும் சேர்த்து, படத்தோடு எழுதி அனுப்பினேன்.

மார்ச் 13, வியாழன்

அப்பாவிடமிருந்து வந்தது: "எனக்கு இன்னும் சம்மதமில்லை. கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி அனுப்பு. வங்கியில் நானே போய்க் கேட்கிறேன்."

நாளை படிவத்தைக் கொடுக்கப் போகிறேன் என்று பதில் எழுதினேன். படித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பகல் பதினொரு மணிக்குப் படிவத்தைக் கொடுத்தேன். வெளியே வருவதற்குள் அம்மா அழைத்தாள். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"நாடாவை உள்ளே இறக்குவோம் என்று எழுதியிருந்தாயே, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்குமா?"

"இல்லை அம்மா. குழாயின் வாய் என் உள்ளங்கை அகலம்தான். விழ வழியே இல்லை."

"அப்படியா" என்றாள். பிறகு அதையே, தொலைபேசியைச் சற்று விலக்கி, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.