கடைசி தேதியில் கட்டிய கார்டு பில்லுக்குத் தாமதக் கட்டணம்

என் கிரெடிட் கார்டு ஒரு வங்கியுடையது, சம்பளக் கணக்கு வேறொரு வங்கியில். பில்லுக்குக் கடைசி தேதி வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் கார்டு வங்கியின் தளத்திலேயே, பிற வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தும் பக்கத்துக்குப் போய், நெட் பேங்கிங் மூலம் முழுத் தொகையையும் கட்டினேன். பணம் அப்போதே கணக்கிலிருந்து கழிந்தது, ரசீதும் வந்தது. அடுத்த ஸ்டேட்மென்ட்டில் தாமதக் கட்டணம் 750 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 135 ரூபாய். இவை போதாதென்று வட்டி என்று தனியாக ஒரு வரி. நான் கட்டிய பணம் செவ்வாய்க்கிழமை தேதியில் வரவாகியிருந்தது.

நடுவில் பணம் எங்கே இருந்தது என்பதற்கான பதில் என் சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் கிடைத்தது. பணம் கழிந்த வரியில் கார்டு வங்கியின் பெயர் இல்லை. ஒரு பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. அதாவது என் பணம் முதலில் அவர்களிடம் போயிருக்கிறது. அவர்கள் அன்றைக்கு வசூலானதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து, எந்தக் கார்டுக்கு எவ்வளவு என்ற பட்டியலோடு அடுத்த வேலை நாளில் கார்டு வங்கிக்கு அனுப்புகிறார்கள். தொகையும் பட்டியலும் ஒத்துப்போன பிறகுதான் வங்கி ஒவ்வொரு கார்டிலும் வரவு வைக்கிறது. எனக்கு வாய்த்தது இரண்டாவது சனிக்கிழமை, ஞாயிறு, திங்களன்று அரசு விடுமுறை. ஆகவே செவ்வாய்.

இதையே நெஃப்ட்டில் அனுப்பியிருந்தால் கதை வேறு. கார்டு எண்ணையே கணக்கு எண்ணாகக் கொடுத்து, கார்டுக்கென்று வங்கி தந்திருக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் போட்டு அனுப்பும் வசதி பல வங்கிகளில் உண்டு. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் விடுமுறை நாளிலும் இயங்குகிறது, அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் போகிறது. அதில் பணம் நேராகக் கார்டு வங்கிக்கே சேரும், அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் யூடிஆர் எண்ணும் கிடைக்கும். ஆனாலும் கார்டின் கணக்கில் ஏறுவதற்கு அந்த வங்கி வைத்திருக்கும் நேர வரம்பு ஒன்று இருக்கலாம். அதனால் கடைசி நாள் இரவில் அதையும் முழுதாக நம்ப முடியாது.

சரி, ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்கிறது? 2022ல் வந்த கிரெடிட் கார்டு வழிமுறைகளின்படி, பில் 3 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் மட்டுமே தாமதக் கட்டணம் போடலாம், கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் கிரெடிட் பீரோவுக்கும் தெரிவிக்கலாம். சனி ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று, செவ்வாய் நான்கு. வங்கியின் கணினி வரவான தேதியை மட்டும் பார்த்தது, விதிப்படி சரி என்று கட்டணத்தைப் போட்டுவிட்டது. கட்டிய தேதியைப் பார்த்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.

கஸ்டமர் கேரில் பேசியபோது, "இந்த ஒரு முறை சலுகையாகக் கட்டணத்தை நீக்குகிறோம்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சலுகை என்றால் தாமதமாகக் கட்டியதாகவே பதிவு நிற்கும், வட்டியும் போகாது. முழுத் தொகை கடைசி தேதிக்குள் வரவில்லை என்று கணக்கானால், பழைய செலவுகளுக்கு மட்டுமல்ல, புதிதாக வாங்கியவற்றுக்கும் வட்டியில்லாத காலம் போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் வேர் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதிதான்.

அதனால் எழுத்தில் புகார் கொடுத்தேன். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்கவில்லை, வேல்யூ டேட்டை, அதாவது பணம் வந்ததாக வங்கி கணக்கில் கொள்ளும் தேதியை, வெள்ளிக்கிழமைக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். கேட்வே ரசீதையும், தேதியும் பரிவர்த்தனை எண்ணும் தெரியும் என் வங்கி ஸ்டேட்மென்ட் பக்கத்தையும் இணைத்தேன். ரசீதின் அடியில் வரவாக 3 வேலை நாள் ஆகலாம் என்று போட்டிருந்ததை அவர்கள் காட்டினார்கள். அதற்கு என் பதில் இதுதான்: உங்கள் தளத்தில், உங்களுக்காக வசூலிக்கும் நிறுவனத்திடம் கட்டியிருக்கிறேன். அவர் உங்களிடம் சேர்க்க எடுக்கும் நாட்களுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போவேன் என்பதையும் அப்புறம் சேர்த்தேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. முதலில் 885 ரூபாய் மட்டும் திரும்ப வந்தது, வட்டி அப்படியே இருந்தது. அதே புகார் எண்ணில் மறுபடி எழுதிய பிறகு தேதியைத் திருத்தி, வட்டியையும் அதன் ஜிஎஸ்டியையும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரவு வைத்தார்கள். அதன் பிறகு என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, அந்த மாதத்துக்கான நிலுவை நாட்கள் என்ற கட்டத்தைப் பார்த்தேன். பூஜ்யம் என்றுதான் இருந்தது.