எடிட்டிங் ப்ராக்டிகல் ரிப்பீட்ல பாஸ்: பீட்டுக்கு கட் பண்றதுல நான் எங்க தப்பு பண்ணேன்

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு, பாஸ். ரெண்டாவது தடவை. முதல் தடவை போனது இன்னும் வலிக்குது, ஏன்னா ஷாட் செலக்‌ஷன், கலர் எல்லாத்துக்கும் நல்ல மார்க், "இசைக்கேற்ப கட்" அப்படிங்கிற ஒரே பகுதியில அடிவாங்கி கீழ போயிட்டேன். அடுத்த செம் எழுதப் போற தம்பி தங்கச்சிங்க ரெண்டு மூணு பேர் வாட்ஸப்ல கேட்டாங்க, தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடுறேன். மூணு மணி நேரம், 60 செகண்ட் பினாங்கு ட்ராவல் ரீல், பாட்டும் ஃபுட்டேஜும் அவங்களே குடுப்பாங்க, அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல் தடவை என்ன நடந்துச்சுன்னா, பாட்டு 120 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 120 பீட். டைம்லைன் செகண்டுக்கு 25 ஃப்ரேம். ஒரு பீட் அரை செகண்ட், அப்ப பன்னிரண்டரை ஃப்ரேம். அரை ஃப்ரேம்ல கட் பண்ண முடியாது, சரி 12னு வச்சிக்கலாம்னு கோரஸ்ல 24 ஷாட்டையும் ஆளுக்கு 12 ஃப்ரேம்னு அளந்து வரிசையா ஒட்டிட்டேன். சூலியா ஸ்ட்ரீட், தே தாரிக், ஃபெர்ரி, குவே தியாவ் வாணலியில நெருப்பு பொங்குறது எல்லாம் டக் டக்னு ஓடுச்சு. முதல் நாலு கட் கச்சிதமா விழுந்த மாதிரி தெரிஞ்சுது. கடைசி கட்டையும் பார்த்தேன், அதுவும் பீட்டுலதான் இருந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்.

இங்கதான் மாட்டினேன். ஒவ்வொரு கட்டுக்கும் அரை ஃப்ரேம் முந்துது. பன்னிரண்டாவது கட்டுல 6 ஃப்ரேம் முந்திடுச்சு, அதாவது ரெண்டு பீட்டுக்கு சரியா நடுவுல போய் விழுது. அதுக்கப்புறம் இன்னும் முந்தி முந்தி இருபத்தி நாலாவதுல 12 ஃப்ரேம், கிட்டத்தட்ட ஒரு முழு பீட். அதனாலதான் கடைசி கட் பீட்டுல இருக்கிற மாதிரி தெரிஞ்சுது, ஆனா அது 24ஆவது பீட் இல்ல, 23ஆவது! அதுக்குப் பின்னாடி வச்ச கொடிமலை வைட் ஷாட் புது பார், அதாவது அடுத்த நாலு பீட் சுத்து, ஆரம்பிக்கிற இடத்துல வரணும், ஒரு பீட் முன்னாடியே வந்து நின்னுச்சு. லெக்சரர் ஃபீட்பேக்ல ஒரே வரிதான்: "நடுவுல பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்." ஆரம்பமும் முடிவும் மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது, நடுவுல நிறுத்தி வேவ்ஃபார்மோட பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் தெரியும்.

அதனால நான் சொல்ற ஒண்ணு, இதை மட்டுமாவது பிடிச்சுக்கோங்க: ஷாட்டோட நீளத்தை அளக்காதீங்க, கட் விழுற இடத்தைப் பாருங்க. 120 பிபிஎம்ல ரெண்டு பீட் சரியா 25 ஃப்ரேம், ஒரு பார் 50 ஃப்ரேம், அதாவது ரெண்டு செகண்ட். அப்ப கட் விழவேண்டிய இடம் 0, 12, 25, 37, 50. நீளம் தானாவே 12, 13, 12, 13னு மாறி மாறி வரும், பிழை சேரவே சேராது. அரை ஃப்ரேம் வர்ற இடத்துல நான் எப்பவும் முன்னாடி இருக்கிற ஃப்ரேமைத்தான் எடுப்பேன், புதுப் படம் சத்தத்துக்கு ஒரு சொட்டு முந்தி வந்தா கண்ணுக்கு உறுத்தாது, பிந்தி வந்தா உடனே தெரியும்.

ரிப்பீட் பேப்பர்லயும் 120தான் வந்துச்சு (எனக்கு அதிர்ஷ்டம்னு சொல்லலாம், ஆனா 128 வந்திருந்தாலும் இதே வழிதான், பார் பாரா மார்க்கர் போட்டிருப்பேன்). முதல் இருபது நிமிஷம் ஒரு ஷாட்டைக்கூட தொடல. பாட்டு ஃபைல் ஆரம்பத்துல 6 ஃப்ரேம் சத்தமே இல்ல, அதை வெட்டிட்டு முதல் கிக் சரியா பூஜ்யத்துல உக்கார வச்சேன். அப்புறம் பிரீமியர்ல பாட்டு கிளிப்பை செலக்ட் பண்ணி, ஓட விட்டு ஒவ்வொரு பார் ஆரம்பத்துலயும் M அமுக்கி மார்க்கர் போட்டேன். கிளிப்பை செலக்ட் பண்ணலைன்னா மார்க்கர் டைம்லைன்ல விழும், அப்புறம் பாட்டை நகர்த்தினா மார்க்கர் கூட வராது, மறந்துடாதீங்க. கையால தட்டின மார்க்கர் ரெண்டு மூணு ஃப்ரேம் அங்க இங்க இருக்கும், கிளிப்பை டபுள் கிளிக் பண்ணி சோர்ஸ் மானிட்டர்ல திறந்து, ஜூம் பண்ணி வேவ்ஃபார்ம் எகிறுற இடத்துக்கு ஒவ்வொண்ணா இழுத்து வச்சேன்.

60 செகண்ட்னா 30 பார். பாட்டுல இன்ட்ரோ 4, வெர்ஸ் 8, ஏத்தம் 4, கோரஸ் 8, மிச்சம் 6. இன்ட்ரோல ரெண்டு பாருக்கு ஒரு ஷாட், வெர்ஸ்ல பாருக்கு ஒண்ணு, ஏத்தத்துல ரெண்டு பீட்டுக்கு ஒண்ணு, கோரஸ்ல மட்டும் பீட்டுக்கு ஒண்ணு, அதுவும் முதல் நாலு பார்தான். எல்லா பீட்லயும் கட் பண்ணா பார்க்கிறவங்களுக்கு ஒரு இடமும் மனசுல நிக்காது.

கோரஸ் 32ஆவது செகண்ட்ல ஆரம்பிக்குது. ஃபுட்டேஜ்ல தண்ணீர்மலை தைப்பூசம் இருந்துச்சு, ரதத்துக்கு முன்னாடி ஒரு அண்ணன் தேங்காயை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி ரோட்டுல அடிக்கிறாரு. நான் முன்னாடி இருந்த மாதிரி இருந்தா அந்த ஷாட்டோட ஆரம்பத்தை 32ல வச்சிருப்பேன். கை உயர்றப்பவே கோரஸ் இடி இறங்கிடும், தேங்காய் உடையுறப்ப பாட்டுல ஒண்ணுமே இருக்காது. இந்த தடவை ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளி ஓடு பிளந்து உள்ள வெள்ளை தெரியுற ஃப்ரேமைக் கண்டுபிடிச்சு அதுல மார்க்கர் போட்டேன். ஷாட் செகண்டுக்கு 50 ஃப்ரேம்ல எடுத்தது, கை உச்சியில இருந்து உடையுற வரைக்கும் 25 ஃப்ரேம். பாதி ஸ்பீடுல விட்டா டைம்லைன்ல அதே 25 ஃப்ரேம் ஆகும், அதாவது ரெண்டு பீட். அப்ப கட் 31ஆவது செகண்ட்ல, கை உச்சியில நிக்குது, ஏத்தம் முடிஞ்சு பாட்டு ஒரு நொடி அடங்குது, 32ல கிக்கோட சேர்ந்து தண்ணி தெறிக்குது. அந்த இடத்துல கட்டே கிடையாது, அசைவுதான் பீட். வாணலியில நெருப்பு பொங்குறது, ஃபெர்ரி பலகை இறங்கி தரையில மோதுறது, இதுக்கும் இப்படித்தான் பண்ணேன். கட் இடம் சரியா இருந்து உள்ள அசைவு மட்டும் தள்ளியிருந்தா ஸ்லிப் டூல், Y அமுக்கி இழுங்க, ரெண்டு பக்க கட்டும் அசையாது.

மிச்சம் சிலது, சுருக்கமா:

- வீட்டுல ப்ராக்டிஸ் பண்றப்ப புளூடூத் இயர்ஃபோன் வேணாம். சத்தம் லேட்டா வர்றதால மார்க்கர் எல்லாம் பிந்திப் போகும். வயர் போட்டதே நல்லது.
- பேப்பர்ல போட்டிருக்கிற பிபிஎம்மை அப்படியே நம்பாதீங்க. ஒண்ணாவது பாரையும் முப்பதாவது பாரையும் வேவ்ஃபார்ம்ல பாருங்க, ரெண்டும் கணக்குப்படி விழுந்தா ஓகே.
- உறுமி மேளம் மாதிரி ஆளுங்களே வாசிச்ச பாட்டு வந்தா கணக்கு செல்லாது, அடிக்க அடிக்க வேகம் ஏறும். பார் பாரா கையாலதான் மார்க் பண்ணணும், நேரம் ஒதுக்கி வச்சுக்கோங்க.
- டிரான்சிஷன் போட்டா அதோட நடு இடம் பீட்டுல இருக்கணும், ஆரம்பம் இல்ல. எனக்கு டிரான்சிஷனே பிடிக்காது, ஒண்ணுகூட போடல.

கடைசி பத்து நிமிஷம் எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி கோரஸோட நடுவை மட்டும் மூணு தடவை ஓட விட்டேன், பன்னிரண்டாவது கட்டுல நிறுத்தி ஜூம் பண்ணிப் பார்த்தேன். கோரஸ் ஆரம்பத்துல இருந்து சரியா 150ஆவது ஃப்ரேம், பார் மார்க்கர் மேலயே நின்னுச்சு. போன தடவை அதே கட் 144ல நின்னுச்சு.