தண்ணீரை ஊற்றும் முன் எழுதிய எண்: நான்காம் வகுப்பில் லிட்டரும் மில்லிலிட்டரும்

குலசேகரம் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். கொள்ளளவுப் பாடத்தில் ‘1 லிட்டர் = 1000 மில்லிலிட்டர்’ என்பதைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு செம்பைக் காட்டி இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டால், ஒருவர் பத்து லிட்டர் என்பார், பக்கத்தில் இருப்பவர் இருபது மில்லிலிட்டர் என்பார். எண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைக் குறைக்க, அளப்பதற்கு முன் மதிப்பை எழுத வைப்பது எனக்கு உதவியது. முதல் ஆண்டு இதைத் தவறாகச் செய்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஆறு பாத்திரங்களை வரிசையாக வைத்து, ஆறுக்கும் மதிப்பை எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஒவ்வொன்றாக அளந்தோம். ஆறாவது பாத்திரத்தின் மதிப்பும் முதல் பாத்திரத்தின் மதிப்பைப் போலவே தொலைவில் இருந்தது. எழுதி முடித்த பின் அளந்ததால், ஓர் அளவிலிருந்து கற்றதை அடுத்த மதிப்பில் பயன்படுத்த வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது. இப்போது ஒரு பாத்திரத்துக்கு மதிப்பு எழுதி, உடனே அளந்து, வேறுபாட்டைக் கழித்து எழுதிய பிறகுதான் அடுத்த பாத்திரத்தை மேசைமேல் வைக்கிறேன்.

பாத்திரங்களைப் பொறுக்குவதிலும் வரிசைப்படுத்துவதிலும்தான் பாடத்தின் பாதி இருக்கிறது. முதலில் ஒல்லியான, உயரமான கண்ணாடிக் குப்பி. அடுத்து குட்டையான, அகன்ற ஊறுகாய்ப் புட்டி. பிறகு எவர்சில்வர் செம்பு, கடைசியில் ஒரு சிரட்டை. அளவு அச்சிட்ட காகிதங்களை முந்தின நாளே ஊறவைத்து உரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் மதிப்பிட மாட்டார்கள், வாசிப்பார்கள். சிரட்டையில் கண் இல்லாத பாதியை எடுக்க வேண்டும், கண் உள்ள பாதி ஒழுகும். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டால் கடைசி பெஞ்சுக்கும் மட்டம் தெரியும். அதை யாரும் குடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு சிறுமியின் நோட்டிலிருந்து அந்த நாளின் வரிகளைத் தருகிறேன். குப்பிக்கு அவள் எழுதியது 700 மி.லி.; அளந்தபோது 350. புட்டிக்கு 300 என்று எழுதினாள்; வந்தது 520. குப்பியில் இரண்டு மடங்கு கூடவும் புட்டியில் மிகக் குறைத்தும் எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான்: அவள் உயரத்தை மட்டும் பார்த்தாள், அகலத்தைப் பார்க்கவில்லை. வகுப்பில் பெரும்பாலோர் இப்படியே எழுதியிருந்தார்கள். இந்த இடத்தில் நான் விளக்கம் எதுவும் சொல்லாமல், புட்டியில் இருந்த தண்ணீரைக் குப்பியில் ஊற்றச் சொன்னேன். குப்பி நிரம்பித் தாம்பாளத்தில் வழிந்த பிறகும் புட்டியில் தண்ணீர் மீதி இருந்தது. “குண்டுக்குள்ளதான் கூட இருந்திருக்கு டீச்சர்” என்றாள். அடுத்து செம்பைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்து, வாயை விரலால் அளந்து 700 என்று எழுதினாள், வந்தது 830. சிரட்டைக்கு 200 எழுதினாள், வந்தது 230.

வேறுபாடு 350, 220, 130, 30 என்று இறங்கி வருவதைப் பார்த்து ஆசிரியர் அதிகம் மகிழ்ந்துவிடக் கூடாது. சிரட்டை சிறியது, அதில் பிழையும் சிறியதாகத்தான் இருக்கும். செம்பில் முப்பது மில்லிலிட்டர் தவறுவது பெரிதல்ல, ஆனால் மருந்து மூடியில் அதே முப்பது மூடியின் கொள்ளளவையே தாண்டிவிடும். சதவீதம் தெரியாத வயதில் இதைக் கணக்காகச் சொல்லிக்கொடுக்க முடியாது. எனவே ஏறக்குறைய ஒரே அளவுள்ள பாத்திரங்களின் வேறுபாடுகளை மட்டும் ஒப்பிடச் சொல்கிறேன். சிரட்டையில் வகுப்பிலேயே நெருங்கி எழுதியவன் ஒரு பையன்; அவன் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், சிரட்டையில் சேரும் பாலை வாளியில் ஊற்றுவதை அவன் தினமும் பார்க்கிறான். மதிப்பீடு பழக்கத்தால் வருகிறது என்பதற்கு அவனே எனக்குச் சாட்சி.

மதிப்பை மைப்பேனாவில் எழுத வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. பென்சிலில் எழுதியபோது, அளந்த பிறகு பாதி நோட்டுகளில் மதிப்பும் அளவும் ஒன்றாக இருந்தன. நெருங்கி எழுதியவரை நான் பாராட்டியதே இதற்குக் காரணம் என்று பிறகுதான் உறைத்தது. இப்போது வேறுபாட்டைச் சரியாகக் கழித்திருந்தால் மட்டும் ‘சரி’ போடுகிறேன். வாய்விட்டுச் சொல்லவும் விடுவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ‘ஐந்நூறு’ என்றால் அந்த வரிசை முழுவதும் ஐந்நூறாகிவிடும்.

அளவுக்குவளையில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, இதுதான் அரை லிட்டர் என்று கோடு போட்ட குவளையில் இரண்டு முறை ஊற்றிக் காட்டினேன். மட்டம் ஆயிரத்தைத் தாண்டி 1060க்கு அருகில் நின்றது. “அப்போ ஒரு லிட்டருண்ணா ஆயிரத்து அறுபதா டீச்சர்?” என்று கேட்டார்கள். பாட்டிலில் எழுதியிருப்பது உள்ளே நிரப்பி விற்கும் தண்ணீரின் அளவு; மூடிக்குக் கீழே விடும் காலி இடம் அதில் சேராது. எனவே பாட்டிலை அளவையாகப் பயன்படுத்துவதாக இருந்தால், கோடு நாமே போட வேண்டும். பால்காரரிடம் முத்திரையிட்ட 100 மி.லி. அளவையை இரவல் வாங்கி, நேரான பக்கங்கள் உள்ள பாட்டிலில் ஒவ்வொரு நூறாக ஊற்றி, ஒட்டிய காகிதப் பட்டையில் கோடு போட்டோம். சில பிள்ளைகள் முதல் இரண்டு கோடுகளுக்குப் பிறகு ஸ்கேலை வைத்து மேலே வரைந்துவிட்டார்கள். பாட்டிலின் தோள் குறுகும் இடத்தில் கோடுகள் விலகிப் போக வேண்டும் என்பது, அவர்கள் பாட்டிலிலும் அளவையால் ஊற்றிப் பார்த்தபோது தெரிந்தது. கோடு சரியா என்று பார்க்கப் பலசரக்குக் கடைத் தராசு போதும். காலி பாட்டிலின் எடையைக் கழித்தால் 500 மி.லி. தண்ணீர் ஏறத்தாழ 500 கிராம் வரும்.

கோட்டைப் படிக்கும்போது பிள்ளை நின்றபடி மேலிருந்து பார்த்தால் கூடுதலாகப் படிக்கும். குவளையைச் சமமான மேசையில் வைத்து, குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். 1 லிட்டர் 50 மில்லிலிட்டரை 150 என்று எழுதும் பிழையும் இந்த நேரத்தில்தான் தலைகாட்டும். ‘உன் 150 இந்தச் சிரட்டையில் அடங்கிவிடுமே’ என்று சிரட்டையைக் காட்டினால், பிள்ளையே 1050 என்று திருத்திக்கொள்கிறது.

இரண்டாம் நாள் பிளாஸ்டிக் குடத்தை வைத்தேன். மதிப்புகள் 3 லிட்டரிலிருந்து 50 லிட்டர் வரை சிதறின. சிறு பாத்திரங்களில் பழகிய கண் குடத்துக்கு உதவவில்லை. நிறைகுடத்து நீரை லிட்டர் குவளையால் மொண்டு, ஒவ்வொரு முறையும் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தோம். பதினான்கு கோடுகளுக்குப் பிறகும் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. மொண்டபோது தரையில் சிந்தியதை என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு நோட்டில் ‘14 லிட்டருக்கும் 15 லிட்டருக்கும் இடையில்’ என்று எழுதிக்கொண்டோம்.