ஒன்பதரை மணி விமானத்துக்கு விழுப்புரத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது?

திங்கட்கிழமை காலை 9:30 மணிக்குச் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம். வீடு விழுப்புரத்தில். காரில் போகிறோம், கையில் ஒரு பெரிய பெட்டி, அதை விமானத்தின் அடியில் போடக் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு வாசல்படி தாண்டினால் சரியாக இருக்கும்?

“விமான நிலையத்தில் ரெண்டு மணி நேரம் முன்னாடி இருக்கணும், ரோட்டுக்கு ரெண்டரை மணி நேரம், அப்போ அஞ்சு மணிக்குக் கிளம்பினா போதும்.” பெரும்பாலான வீடுகளில் கணக்கு இப்படித்தான் ஓடும். இதில் இரண்டு இடங்களில் பிசகு இருக்கிறது. எங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பது ஒன்று. ரோட்டு நேரம் எந்த மணிக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைப்பது மற்றொன்று.

முதலில் எண்ண வேண்டிய புள்ளி. டிக்கெட்டில் இருக்கும் 9:30 என்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகரும் நேரம். பயணிக்கு அந்த நேரத்தால் பெரிய பயன் இல்லை. அவரைக் கட்டிப்போடுவது வேறு இரண்டு நேரங்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி வாங்கும் கவுன்டரைப் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள், அதாவது 8:30க்கு. போர்டிங் கேட் 20 முதல் 25 நிமிடம் முன்பு மூடுகிறது; 25 என்றே வைத்தால் 9:05. துல்லியமான நேரம் விமான நிறுவனத்தின் தளத்திலும் போர்டிங் பாஸிலும் இருக்கும்.

பெட்டி கொடுக்க வேண்டியவருக்கு முதலில் கழுத்தைப் பிடிப்பது 8:30. முந்தைய நாளே வெப் செக்-இன் முடித்திருந்தாலும் பெட்டிக்கு இந்தக் கெடு உண்டு. 8:30க்கு வரிசையில் நிற்பது போதாது, அதற்குள் பெட்டி எடைமேடையில் ஏறியிருக்க வேண்டும். கைப்பை மட்டும் கொண்டுபோகிறவருக்குக் கவுன்டரில் வேலையே இல்லை. அவருடைய கெடு 9:05. ஒரே விமானத்துக்கு இரண்டு பேருடைய கணக்கு இப்படி மாறிப்போகிறது.

இப்போது 8:30லிருந்து பின்னோக்கி வருவோம். காலை 6 முதல் 9 வரை உள்நாட்டு முனையத்தில் கூட்டம் அதிகம். பெட்டி கொடுக்கும் வரிசைக்கு 25 நிமிடம் ஒதுக்கலாம். காரிலிருந்து சாமான் இறக்கி, வாசலில் சிஐஎஸ்எஃப் காவலரிடம் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டி உள்ளே போக 15 நிமிடம். முகத்தைக் காட்டி உள்ளே நுழையும் டிஜியாத்ரா வசதிக்குப் பதிவு செய்தவருக்கு இது குறையும். ஆனால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் பதிவு செய்திருந்தால், அவர் உள்ளே போய் மற்றவர்களுக்காகக் காத்திருப்பதுதான் மிச்சம். ஆக, கார் முனைய வாசலில் நிற்க வேண்டிய கடைசி நேரம் 7:50. சென்னையில் உள்நாட்டுக்கே இரண்டு முனையங்கள், டி1, டி4. டிக்கெட்டில் எது இருக்கிறது என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாறி இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் நேரமும் இந்தக் கணக்கிலிருந்துதான் போகும்.

செக்யூரிட்டி எங்கே என்று கேட்கலாம். பெட்டி கொடுத்த பிறகு வருவது அது. 8:30க்கும் 9:05க்கும் நடுவில் இருக்கும் 35 நிமிடம் அதற்குத்தான். வரிசைக்கும் சோதனைக்கும் 25, கேட்டுக்கு நடக்க 5 முதல் 10. கடைசி நொடியில் பெட்டி கொடுத்தவருக்கு இது இறுக்கமான கணக்கு. கைப்பை ஸ்கேனரில் தனியாக ஒதுக்கப்பட்டால் இன்னும் 10 நிமிடம் போகும். லேப்டாப்பையும் பவர் பேங்கையும் எடுத்து டிரேயில் வைக்க மறந்தால் பை மறுபடி உள்ளே போகும். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டால் தொல்லை பெரிது. பெட்டி கீழே எக்ஸ்ரேயில் மாட்டும், உங்களை அழைத்துத் திறக்கச் சொல்வார்கள், அதற்குள் நீங்கள் செக்யூரிட்டி வரிசையின் பாதியில் இருப்பீர்கள்.

இனி ரோடு. கணக்கு கவிழ்வது இங்கேதான்.

விழுப்புரத்திலிருந்து விமான நிலையம் சுமார் 145 கிலோமீட்டர். இதை ஒரே தூரமாகப் பார்க்காமல் இரண்டாக வெட்டிப் பாருங்கள். செங்கல்பட்டு வரை சுமார் 105 கிலோமீட்டர். விக்கிரவாண்டி, ஆத்தூர் சுங்கச்சாவடிகளைத் தாண்டி, அதிகாலையில் சராசரியாக 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி 20 நிமிடம். இந்தப் பகுதி பெரும்பாலும் ஏமாற்றாது. மீதி 40 கிலோமீட்டர்தான் ஆளை ஏமாற்றும். பரனூர் சுங்கச்சாவடி, சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, கிளாம்பாக்கம் பேருந்து முனையம், பெருங்களத்தூர், தாம்பரம் என்று ஜிஎஸ்டி சாலையில் ஊர் மேல் ஊராக வரும். ஆறு மணி சுமாருக்கு ஒரு மணி நேரத்தில் தாண்டலாம். ஏழு மணிக்கு அதே தூரத்தில் தொழிற்சாலைப் பேருந்துகளும் கல்லூரிப் பேருந்துகளும் சேர்ந்துகொள்ளும். திங்கட்கிழமை என்றால் வார இறுதிக்கு ஊருக்குப் போனவர்களின் கார்களும் கூடவே திரும்பும். அப்போது ஒன்றரை மணி நேரம் சாதாரணம். பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்த மறுநாள் என்றால் அதற்கும் மேலே.

இதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். வழியில் டீக்கும் கழிப்பறைக்கும் 15 நிமிடம் சேர்த்துக்கொள்வோம். 4:30க்குக் கிளம்பினால் செங்கல்பட்டு 5:50. டீ குடித்து 6:05க்கு நகர்ந்தால் விமான நிலையம் 7:05. இதையே 5:15க்குக் கிளம்பினால் செங்கல்பட்டு 6:35, டீ முடிந்து 6:50; அதன்பின் ஒன்றரை மணி நேரம், விமான நிலையம் 8:20. வீட்டில் தாமதமானது 45 நிமிடம், போய்ச் சேர்ந்ததில் தாமதம் 75 நிமிடம். 8:20க்கு இறங்குகிறவர் வாசல் தாண்ட 8:35 ஆகிவிடும், கவுன்டர் மூடி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கைப்பை மட்டும் வைத்திருப்பவரோ செக்யூரிட்டியை 9 மணிக்கு முடித்து, மூச்சிரைக்கக் கேட்டைப் பிடித்துவிடலாம். அதிகாலைப் பயணத்தில் அரை மணி நேரத் தூக்கத்தின் விலை அரை மணி நேரம் மட்டும் இல்லை என்பது இதனால்தான்.

உங்கள் ஊருக்கான எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்கலாம். அதே கிழமையில், அதே விடிகாலையில், செங்கல்பட்டிலிருந்து விமான நிலையம் வரைக்கும் மட்டும் கூகுள் மேப்ஸில் நேரம் பாருங்கள். முந்தின நாள் இரவு பத்து மணிக்குப் பார்த்த நேரத்தை நம்ப வேண்டாம், அது இரவு பத்து மணி ரோடு. புறப்படும் நேரத்தையோ சேரும் நேரத்தையோ நாமே குறித்துக் கேட்கும் வசதியும் அதில் உண்டு. அப்போது குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். விமானத்துக்குப் போகிறவர் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வதுதான் முறை.

அடுத்து, கையிருப்பு நேரம். வாசலுக்கு 10, கவுன்டருக்கு 15, ரோட்டுக்கு 40, செக்யூரிட்டிக்கு 15 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டே போனால் விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே கிளம்பச் சொல்லும். எல்லாமே ஒரே நாளில் கெடுவது அரிது. ஆகவே கையிருப்பை ஒரே மூட்டையாக, ரோட்டில் நடக்கக்கூடிய ஒரு பெரிய தொல்லைக்கு அளந்து வைப்பது நல்லது. டயர் பஞ்சரானால், ஸ்டெப்னி மாற்றிப் புறப்பட 30 நிமிடம். விபத்தால் ஒரு பக்கம் அடைபட்டால் 45 நிமிடம். பெரியதான 45ஐ வைத்துக்கொள்வோம். 7:50லிருந்து 45ஐக் கழித்தால் 7:05. 4:30க்குக் கிளம்பினால் போய்ச் சேரும் நேரமும் அதுவே. ஆக, விடை 4:30.

நடுவழியில் பஞ்சர் ஆனதாகவே வைத்துப் பார்ப்போம். 30 நிமிடம் போனது. டீயை விட்டுவிட்டால் செங்கல்பட்டை 6:20க்குத் தாண்டலாம். கொஞ்சம் நெரிசலோடு 70 நிமிடம், விமான நிலையம் 7:30. இன்னும் 20 நிமிடம் கையில் இருக்கிறது. டீ நிறுத்தமும் ஒரு கையிருப்பு என்பது இப்படி இடர் வரும்போதுதான் தெரியும்.

வயதானவருக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் 20 நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஆள் வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். பெட்டியை வீட்டிலேயே தூக்குத் தராசில் எடை பார்த்துவிடுங்கள். உள்நாட்டுச் சாதாரண டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான். கூடினால் கவுன்டர் முன்னால் பெட்டியைத் திறந்து அரிசி மூட்டையைக் கைப்பைக்கு மாற்றுவதும், பணம் கட்ட வேறு கவுன்டருக்கு ஓடுவதும் 15 நிமிடத்தை விழுங்கிவிடும். ஃபாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பார்க்க வேண்டும். மூன்று சுங்கச்சாவடி இருக்கும் பாதை இது. விமானம் தாமதம் என்று செய்தி வந்தால், கவுன்டர் மூடும் நேரமும் தள்ளிப்போனதா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யும் வரை பழைய நேரத்துக்கே போய்க்கொண்டிருங்கள்.

எல்லாம் செய்தும் நேரம் பிந்தினால் என்ன வழி? ஜிஎஸ்டி சாலைக்கு இணையாகவே மின்சார ரயில் ஓடுகிறது, விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் நிலையம். கூடுவாஞ்சேரிக்கு முன்னால் வரும்போது மேப் முழுக்கச் சிவப்பாக இருந்தால், காரை விட்டு இறங்கி ரயில் ஏறுவது தயங்க வேண்டிய முடிவே இல்லை. சுமார் 35 நிமிடத்தில் திரிசூலம், அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாக முனையத்துக்கு 10, 15 நிமிட நடை. எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிதானா என்று கேட்டு ஏறுங்கள். விரைவு வண்டி திரிசூலத்தில் நிற்காமல் போய்விடலாம். இந்த முடிவை எடுக்கக் கடைசி நேரத்தையும் வீட்டிலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம். பெட்டியோடு 7:50க்கு முனைய வாசலில் நிற்க, ரயிலும் நடையும் 50 நிமிடம் என்றால், கூடுவாஞ்சேரியில் 7 மணிக்கு ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படியும் 8:15க்குத்தான் உள்ளே நுழைந்தீர்கள் என்றால், வரிசையின் கடைசியில் பேசாமல் நிற்காதீர்கள். கவுன்டர் மூடும் முன் ஊழியர் ஒருவர் வரிசை ஓரமாக “டெல்லி ஒன்பதரை யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டு வருவார். கையைத் தூக்குங்கள், முன்னால் அழைத்துப் போவார். அவர் கண்ணில் படவில்லையா, நீங்களே போய்ச் சொல்லுங்கள்: “அண்ணா, ஒன்பதரை டெல்லி, ஒரே ஒரு பெட்டிதான்.”