முப்பத்தோராவது நொடியில் ஒரு மேடு

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரில் மாங்கன்று நர்சரிகள் நிறைய. அவற்றில் ஒன்றுக்கு யூடியூப் ஷார்ட்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். ஒட்டுக் கட்டுவதைக் காட்டிய முதல் வீடியோ 48 நொடி. பெயர்ப்பலகை, வணக்கம், நர்சரியின் வரலாறு எல்லாம் முடிந்த பிறகுதான் கத்தியே வந்தது. சில நூறு பேருக்குப் போய் நின்றுவிட்டது.

ஷார்ட்ஸை யாரும் தேடிப் போய்த் திறப்பதில்லை. விரலால் தள்ளத் தள்ள அது தானாக வந்து நிற்கிறது. யூடியூப் முதலில் சிலருக்குக் காட்டுகிறது. அவர்கள் நின்று பார்த்தார்களா, தள்ளிவிட்டார்களா, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை வைத்தே மேலும் பலருக்குக் கொண்டுபோகிறது. 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணப்படுகிறது. அதனால் பார்வை எண்ணிக்கையைவிட, யூடியூப் ஸ்டூடியோவில் எந்த நொடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று காட்டும் வரைகோட்டையே நான் நம்புகிறேன்.

எங்கள் கோடு முதல் மூன்று நொடியில் சரிந்திருந்தது. பெயர்ப்பலகை தெரிந்த நேரம் அது. ஆனால் முப்பத்தோராவது நொடியில் சின்னதாக ஒரு மேடு. அந்த இடத்தைப் பின்னால் இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். ஒட்டுக் கட்டும் அக்கா, ஆப்பு போலச் சீவிய குச்சியை வேர்ச்செடியின் பிளவில் செருகும் இடம். “பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது ஒட்டி நிற்க வேண்டும் தம்பி, இல்லையென்றால் பிடிக்காது” என்று அவர் சொன்னதும் அங்கேதான்.

அந்த வாக்கியத்தோடும் அந்த விரல்களோடும் புது வீடியோவைத் தொடங்கினேன். பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வி முதல் நொடியிலேயே எழுந்துவிட்டது. சீவுவது, பிளப்பது, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவது என்று அடுத்தடுத்து வைத்தேன். செருகும் இடத்தை மட்டும் அவசரப்படுத்தவில்லை. அங்கே பார்ப்பவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கடைசிக் காட்சி, சில வாரங்கள் கழித்து அதே கன்றில் விட்ட செந்தளிர். தளிர் மறைந்ததும் வீடியோ தானாக முதலிலிருந்து ஓடி மீண்டும் அதே விரல்கள் வருவதால், பலர் இரண்டாம் முறையும் பார்த்தார்கள். மொத்தம் 29 நொடி. கோடு கடைசிவரை பெரிதாகச் சரியவில்லை.

இன்னொரு வீடியோவில் கன்றின் விலையைக் கடைசிவரை சொல்லாமல் வைத்தேன். பார்த்த நேரம் கூடியது, ஆனால் “விலைக்காக இவ்வளவு நேரமா?” என்று கருத்துகளில் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. கன்று பிடித்ததா என்பதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும், அது செடியின் இயல்பு. விலையை நானே ஒளித்தேன். அதன்பின் விலையை முதலிலேயே எழுத்தில் போடுகிறேன்.

நர்சரிக்கார அண்ணனுக்குப் பெயர்ப்பலகை போனதில் வருத்தம். அக்காவின் பின்னால் தொங்கும் பச்சை நிழல்வலையில் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். 29 நொடியும் அது தெரிகிறது.